ஆழமாக லாபத்தில் இருக்கும் புட் ஆப்ஷனை எக்ஸ்பைரிக்கு முன்பே எக்ஸர்சைஸ் செய்வது சரியா?

தண்டையார்பேட்டை மலர்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் நியூ ஜெர்சியில் பணிபுரிகிறார். அவருடைய கணக்கு வழக்குகளை நான் இங்கிருந்து பார்த்துக் கொடுக்கிறேன். அவர் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் 100 பங்குகளை 96 டாலர் விலையில் வாங்கி, விலை சரிந்தால் காப்பாக இருக்கட்டும் என்று 100 டாலர் ஸ்டிரைக்கில் ஒரு புட் ஆப்ஷனை, அதாவது எக்ஸ்பைரி வரை பங்குகளை 100 டாலருக்கு விற்கும் உரிமையை, பங்குக்கு 11 டாலர் பிரீமியம் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். அவர் அஞ்சியதே நடந்து, பங்கு இன்று 38 டாலரில் நிற்கிறது. எக்ஸ்பைரிக்கு இன்னும் 182 நாட்கள் உள்ளன.

திரையில் இப்போது தெரியும் விலைகள் இவை. அந்தப் புட்டை வாங்க வருபவர்கள் 61.40 தருகிறார்கள், விற்பவர்கள் 63.20 கேட்கிறார்கள். அதே ஸ்டிரைக்கிலும் எக்ஸ்பைரியிலும் உள்ள கால் ஆப்ஷன், அதாவது பங்கை 100 டாலருக்கு வாங்கும் உரிமை, 0.10 டாலருக்குக் கிடைக்கிறது. ஆறு மாத அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்துக்கு 4 விழுக்காடு வட்டி என்று வைத்துக் கணக்கிட்டுக் கொண்டிருக்கிறோம்.

அண்ணன் இப்போதே எக்ஸர்சைஸ் செய்து, பங்குகளை 100 டாலருக்குக் கொடுத்துவிட நினைக்கிறார். ஆனால் ஆப்ஷனை முன்கூட்டியே எக்ஸர்சைஸ் செய்தால் மீதமுள்ள காலத்தின் மதிப்பை இழந்துவிடுவோம் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருக்கிறார்கள். எது சரி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொளத்தூர் சுரேஷ்

அண்ணனைத் தடுத்து நிறுத்துங்கள், மலர். ஆப்ஷனின் விலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று இன்றைக்கே கைக்கு வரக்கூடிய 62 டாலர். மற்றொன்று, மீதமுள்ள ஆறு மாதங்களில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதற்கான மதிப்பு. எக்ஸர்சைஸ் செய்த நொடியில் இரண்டாவது பகுதி அழிந்துபோகும். வெளியேற விரும்பினால் ஆப்ஷனைச் சந்தையில் விற்க வேண்டும். எக்ஸர்சைஸ் செய்வது எந்த நிலையிலும் சரியாகாது. பல ஆண்டுகளாக ஆப்ஷன் வர்த்தகம் செய்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பெரம்பூர் கல்பனா

சுரேஷ் சொல்வது டிவிடெண்ட் தராத பங்கின் கால் ஆப்ஷனுக்கு முழுமையாகப் பொருந்தும். புட்டுக்கு அது பொருந்தாது. மலர் கொடுத்திருக்கும் விலைகளிலேயே அதற்கான சான்று இருக்கிறது.

இன்று எக்ஸர்சைஸ் செய்தால் ஒரு பங்குக்கு 62 டாலர் ஆதாயம். சந்தையோ அந்தப் புட்டுக்கு 61.40 தான் தருகிறது. காலத்தின் மதிப்பு மிச்சம் இருந்திருந்தால் 62-க்கு மேல் யாராவது கொடுக்க முன்வந்திருப்பார்கள். சுரேஷ் சொன்னபடி விற்றால் 100 பங்குகளுக்கான ஒரு கான்ட்ராக்டில் 60 டாலர் கையைவிட்டுப் போகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். கால் ஆப்ஷன் வைத்திருப்பவர் எக்ஸர்சைஸ் செய்யும்போது ஸ்டிரைக் விலையைக் கொடுக்க வேண்டியவர். கொடுக்க வேண்டிய பணத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது, அந்த வட்டி அவருக்கே மிஞ்சும். ஆகவே அவருக்குக் காத்திருப்பதால் எல்லா வகையிலும் லாபம். புட் வைத்திருப்பவரோ ஸ்டிரைக் விலையைப் பெற வேண்டியவர். அவர் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வர வேண்டிய 10,000 டாலரின் வட்டி அடுத்தவரிடம் தங்குகிறது. இந்தக் கான்ட்ராக்டுக்கு அது எவ்வளவு என்று பாருங்கள்:

```
100 × 100 × 0.04 × 182 / 365 = 199.45
```

ஏறத்தாழ 199 டாலர். இதுதான் காத்திருப்பதற்கு அண்ணன் கொடுக்கும் விலை. பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது, ஆறு மாதத்துக்குள் பங்கு 38-லிருந்து 100-ஐத் தாண்டினால் புட்டைக் கைவிட்டுப் பங்கை வைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமே. அந்த உரிமையின் விலையையும் சந்தையே சொல்லிவிட்டது. 100 ஸ்டிரைக் கால் ஆப்ஷன் 0.10, அதாவது ஒரு கான்ட்ராக்டுக்கு 10 டாலர். 10 டாலர் பெறுமான உரிமைக்காக 199 டாலர் வட்டியை விட்டுக்கொடுப்பதற்கு நியாயம் இல்லை.

வண்ணாரப்பேட்டை ஜவுளி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே நிலைதான். நம் தேசியப் பங்குச் சந்தையில் ஒரு பங்கின் 1,500 ரூபாய் ஸ்டிரைக் புட் வைத்திருக்கிறேன். பங்கு 1,100-இல் இருக்கிறது, எக்ஸ்பைரிக்கு 20 நாட்கள் இருக்கின்றன. 400 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 392-தான் கேட்கிறார்கள். கல்பனா அம்மா சொன்னதைப் படித்ததும், நானும் எக்ஸர்சைஸ் செய்துவிடலாம் என்று தரகரின் செயலியில் தேடினேன். அப்படி ஒரு பொத்தானையே காணவில்லை. எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

மண்ணடி ராமநாதன்

ஜவுளிக்காரரே, அந்தப் பொத்தான் இல்லை என்பதே சரி. நம் நாட்டில் 2001-இல் தனிப்பங்கு ஆப்ஷன்கள் தொடங்கியபோது அவை அமெரிக்க வகையாக இருந்தன, எந்த நாளிலும் எக்ஸர்சைஸ் செய்ய முடிந்தது. 2011 ஜனவரி முதல் அவை ஐரோப்பிய வகையாக மாற்றப்பட்டுவிட்டன. குறியீட்டு ஆப்ஷன்கள் தொடக்கத்திலிருந்தே ஐரோப்பிய வகைதான். ஆகவே எக்ஸ்பைரி நாளுக்கு முன் எக்ஸர்சைஸ் என்பது இங்கே யாருக்கும் கிடையாது.

மலரின் அண்ணன் வைத்திருப்பது அமெரிக்கத் தனிப்பங்கு ஆப்ஷன், அது அமெரிக்க வகை. அவர் அங்கே குடியிருப்பவர் என்பதால் அவருக்குத் தடை இல்லை. இதைப் படித்துவிட்டு இங்கிருந்து யாரும் டாலர் அனுப்பி முயல வேண்டாம். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பண அனுப்புத் திட்டத்தில் வெளிநாட்டுச் சந்தைகளுக்கு மார்ஜின் பணம் அனுப்ப அனுமதி இல்லை. வங்கியில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

பெரம்பூர் கல்பனா

ராமநாதன் ஐயா சொன்னது சரி. ஜவுளி ஐயா, உங்கள் புட் 400-க்குக் கீழே விலை போவதில் தவறு எதுவும் இல்லை. 1,500 ரூபாயை 20 நாள் கழித்துத்தான் பெற முடியும் என்பதால், ஆண்டுக்கு 6.5 விழுக்காடு என்று வைத்தால் ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல் வட்டியாகக் கழிகிறது. நியாயமான விலை 394, 395 அளவில் இருக்கும். மீதி இரண்டு, மூன்று ரூபாய், ஆழத்தில் இருக்கும் ஆப்ஷனுக்கு வாங்குபவர்கள் குறைவு என்பதால் எடுத்துக்கொள்ளப்படும் இடைவெளி.

அதை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. அதே எக்ஸ்பைரிக்குரிய பியூச்சரை 1,104 அளவில் வாங்கினால் 396 ரூபாய் உறுதியாகிவிடும். இரண்டும் பங்காகவே தீர்க்கப்படுவதால் எக்ஸ்பைரியில் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். ஆனால் அந்த 20 நாட்களும் பியூச்சருக்கான மார்ஜின் முடங்கிக் கிடக்கும். விலை ஏறும் நாட்களில் பியூச்சரில் வரும் லாபம் உடனே கணக்கில் சேரும், இறங்கும் நாட்களில் நஷ்டத்தை உடனே கட்ட வேண்டும், புட்டின் ஆதாயமோ கடைசியில்தான் கைக்கு வரும். முடங்கும் பணத்துக்கு நீங்கள் வேறு இடத்தில் என்ன வட்டி பெறுவீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். எதுவும் செய்யாமல் விட்டால், எக்ஸ்பைரியில் நீங்கள் பங்குகளை ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பங்கு கையில் இல்லாமல் கடைசி நாள் வரை போவது ஆபத்து.

வண்ணாரப்பேட்டை ஜவுளி

விளங்கியது, அம்மா. எங்கள் எம்.சி. ரோடு வியாபாரத்தில் ஆறு மாதம் கழித்துத் தேதியிட்ட காசோலையை வைத்திருப்பவரிடம், எழுதிக் கொடுத்தவரே வந்து முழுத் தொகையையும் இன்றே ரொக்கமாகத் தருகிறேன் என்றால், வாங்காமல் காசோலையைப் பத்திரப்படுத்துபவர் யாரும் இல்லை. என்னுடையது தேதி வரும் வரை மாற்ற முடியாத காசோலை, மலர் அம்மாவின் அண்ணனுடையது எந்த நாளும் மாற்றக்கூடிய காசோலை. வேறுபாடு இவ்வளவுதானே?

கொளத்தூர் சுரேஷ்

காசோலையின் தொகை மாறாது, ஆப்ஷனின் மதிப்பு மாறும். அதைத்தான் நான் சொல்கிறேன். பங்கு 38-லிருந்து 10-க்கு விழுந்தால் புட் 90 டாலர் ஆகும். ஏதேனும் ஒரு பெரிய நிறுவனம் இதை விலைக்குக் கேட்டுப் பங்கு 130-க்குப் போனால் பங்கில் 30 டாலர் கூடுதல். இந்த இரண்டு வாய்ப்புகளையும் வெறும் வட்டிக்காக விட்டுக்கொடுக்கலாமா? வட்டி என்பது ஒரு கான்ட்ராக்டுக்கு 199 டாலர். பங்கு 130-க்குப் போனால் 3,000 டாலர் அல்லவா?

பெரம்பூர் கல்பனா

நல்ல கேள்வி. இரண்டு வாய்ப்புகளையும் தனித்தனியே பார்ப்போம்.

பங்கு 10-க்கு விழுந்தால் புட்டில் வரும் 28 டாலர் லாபம் அப்படியே பங்கில் நஷ்டமாகப் போய்விடும். மலரின் அண்ணனிடம் பங்கும் புட்டும் சேர்ந்து இருக்கின்றன. பங்கு 38 ஆனாலும் 10 ஆனாலும் பூஜ்யமே ஆனாலும் அவருக்கு வருவது அதே 10,000 டாலர்தான். விழுவதால் அவருக்கு ஒரு காசும் கூடாது. பங்கின் விலை பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்பதால், புட்டின் ஆதாயத்துக்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. நிறுவனம் திவாலாகிப் பங்கு ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்தப் புட்டுக்குக் கிடைக்க எதுவும் மிச்சமில்லை. அன்றும் ஆறு மாதம் காத்திருப்பவர் வட்டியை மட்டுமே இழக்கிறார். 38 டாலரில் நிற்கும் பங்கு அந்த நிலையை நோக்கி வெகுதூரம் வந்துவிட்டது.

பங்கு 130-க்கு ஏறும் வாய்ப்பை விட மனமில்லை என்றால், விட வேண்டியதே இல்லை. எக்ஸர்சைஸ் செய்து 10,000 டாலரைப் பெற்று, அதில் 10 டாலருக்கு 100 ஸ்டிரைக் கால் ஆப்ஷன் ஒன்றை வாங்கிவிட்டு, மீதி 9,990 டாலரை அரசுக் கடன் பத்திரத்தில் போடட்டும். ஆறு மாத முடிவில் அது சுமார் 10,189 டாலராகும். பங்கு 100-க்குக் கீழே இருந்தால் காத்திருந்தவரிடம் 10,000 டாலர் இருக்கும், இவரிடம் 10,189 இருக்கும். பங்கு 130-க்குப் போயிருந்தால் காத்திருந்தவரிடம் 13,000 டாலர் பெறும் பங்கு இருக்கும், இவரிடம் காலில் வந்த 3,000-உம் பத்திரத்தின் 10,189-உம் சேர்ந்து 13,189 இருக்கும். எந்த விலையை எடுத்தாலும் 189 டாலர் கூடுதலாகவே நிற்கிறது. ஆகவே இதில் பங்கு ஏறுமா இறங்குமா என்ற ஊகத்துக்கே இடம் இல்லை.

இந்தக் கணக்கு வட்டியின் மேல் நிற்பது. 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை அமெரிக்க மைய வங்கியின் வட்டி 0-க்கும் 0.25 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தது. 0.1 விழுக்காடு என்று வைத்தால் இதே 182 நாட்களுக்கு வட்டி ஐந்து டாலர்தான். அப்போது 10 டாலர் பெறும் உரிமையை விட்டுக்கொடுப்பது தவறாக இருந்திருக்கும். 2023 ஜூலையில் வட்டி 5.25-ஐ எட்டியபோது அதே கான்ட்ராக்டுக்கு 260 டாலருக்கு மேல் ஆனது. புட்டை எக்ஸர்சைஸ் செய்வது எந்நாளும் தவறு என்ற எண்ணம் வட்டியே இல்லாத அந்த ஆண்டுகளில் பழகியவர்களிடம் வேரூன்றியிருக்கலாம் என்பது என் கருத்து.

கொளத்தூர் சுரேஷ்

பங்கு கையில் இருப்பவருக்கு ஒப்புக்கொள்கிறேன். 13,189 என்ற கணக்கை நானே போட்டுப் பார்த்தேன், ஓட்டை இல்லை. ஆனால் பங்கு இல்லாமல் புட் மட்டும் வைத்திருப்பவர் விற்றுத்தானே ஆக வேண்டும்?

பெரம்பூர் கல்பனா

அவரும் விற்க வேண்டியதில்லை. சந்தையில் 100 பங்குகளை 38.02 விலையில் வாங்கி, அன்றே எக்ஸர்சைஸ் செய்து ஒப்படைத்தால் ஒரு பங்குக்கு 61.98 கிடைக்கும். 61.40-க்கு விற்பதைவிட 58 டாலர் அதிகம். 61.40 என்று விலை சொல்லும் சந்தைத் தரகர்கள் செய்வதும் இதைத்தான். உங்களிடம் புட்டை வாங்கி, பங்கை வாங்கி, அன்றிரவே எக்ஸர்சைஸ் செய்து அந்த இடைவெளியைத் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். தரகுக் கட்டணம் அந்த 58 டாலரைத் தின்றுவிடவில்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்கை வாங்காமல் எக்ஸர்சைஸ் மட்டும் செய்தால் கணக்கில் 100 பங்குகள் கடன்பட்டு விற்றதாக ஏறிவிடும். கடன் கிடைக்க அரிதான பங்காக இருந்தால் அதற்குத் தினசரிக் கட்டணம் பெரிதாக வரும்.

அத்தகைய பங்குகளில் இன்னொன்றும் நடக்கும். கடன் கட்டணம் உயர்ந்திருக்கும் பங்கின் புட்டுகள் ஆழத்தில் இருந்தாலும் எக்ஸர்சைஸ் மதிப்புக்கு மேலேயே விலை போகும். அங்கே விற்பதுதான் சரி. எனவே எந்தக் கணக்கும் போடுவதற்கு முன், வாங்குபவர் தரும் விலை எக்ஸர்சைஸ் மதிப்புக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தண்டையார்பேட்டை மலர்

மிக்க நன்றி. அண்ணனிடம் பேசினேன். முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒரு செய்தியை அவர் இப்போது சொன்னார். இந்த நிறுவனம் காலாண்டுக்கு ஒரு பங்குக்கு 0.30 டாலர் டிவிடெண்ட் தருகிறது. அடுத்த எக்ஸ் டிவிடெண்ட் நாள், அதாவது அன்று முதல் பங்கை வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காத நாள், இன்னும் பத்து நாளில் வருகிறது. இது கணக்கை மாற்றுமா? எக்ஸர்சைஸ் செய்தால் கிடைக்கும் பணத்தைத் தரகர் கணக்கிலேயே விட்டுவைக்கப் போவதாகவும் அவர் சொல்கிறார்.

பெரம்பூர் கல்பனா

இரண்டுமே கணக்கை மாற்றுகின்றன, மலர்.

டிவிடெண்டை முதலில் பார்ப்போம். எக்ஸர்சைஸ் செய்தால் பங்கு போய்விடும், அதனோடு டிவிடெண்டும் போய்விடும். எக்ஸ்பைரிக்குள் இரண்டு டிவிடெண்டுகள் வரும் என்றால் மொத்தம் 60 டாலர். காலின் 10 டாலரையும் சேர்த்தால் காத்திருப்பதற்குக் கிடைப்பது 70, கொடுப்பது 199. ஆகவே ஆறு மாதம் காத்திருப்பது இன்னமும் தவறுதான். ஆனால் பத்து நாள் காத்திருப்பது வேறு கேள்வி. ஒரு நாள் வட்டி 1 டாலர் 10 சென்ட். பத்து நாளுக்கு 11 டாலர். அதைக் கொடுத்து 30 டாலர் டிவிடெண்டைப் பெறலாம். ஆகவே இன்று செய்ய வேண்டாம். எக்ஸ் டிவிடெண்ட் நாள் வரும்வரை பொறுத்திருந்து, அந்த நாளில் எக்ஸர்சைஸ் அறிவிப்பைக் கொடுக்கட்டும். அதற்கு முந்தைய நாள் கொடுத்துவிட்டால், அமெரிக்காவில் 2024 மே மாதம் முதல் அடுத்த வேலை நாளிலேயே பங்கு கைமாறுவதால், டிவிடெண்ட் மறுபக்கத்தாருக்குப் போய்விடும்.

அடுத்த டிவிடெண்டுக்காக மீண்டும் மூன்று மாதம் காத்திருக்கலாமா என்று அவர் கேட்பார். மூன்று மாத வட்டி சுமார் 100 டாலர், டிவிடெண்ட் 30. தேவையில்லை.

பணத்தைப் பற்றி. நான் இதுவரை போட்ட கணக்கெல்லாம் அந்த 10,000 டாலர் உண்மையிலேயே 4 விழுக்காடு ஈட்டும் என்று வைத்துப் போட்டது. பல தரகர்கள் சும்மா கிடக்கும் பணத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை. அங்கேயே விட்டால் அண்ணன் அந்த 199 டாலரைப் பார்க்கவே மாட்டார், தரகர்தான் பார்ப்பார். பணம் வந்த அன்றே கடன் பத்திரத்திலோ பணச்சந்தை நிதியிலோ போட ஏற்பாடு இருந்தால்தான் எக்ஸர்சைஸ் செய்வதற்குப் பொருள் உண்டு. அவருக்கு அந்தக் கணக்கில் மார்ஜின் கடன் இருந்தால், அதை அடைப்பது இன்னும் நல்லது. கடன் வட்டி பெரும்பாலும் 4 விழுக்காட்டைவிட அதிகமாக இருக்கும்.

ராயபுரம் மரைன்

நான் கப்பலில் பொறியாளர், ஆண்டின் பெரும்பகுதி கடலில்தான். நான் இந்த விவாதத்தின் மறுபக்கத்தில் நிற்பவன். சிங்கப்பூரில் உள்ள கணக்கின் மூலம் ஓர் அமெரிக்கப் பங்கின் 90 டாலர் ஸ்டிரைக் புட்டை விற்றிருந்தேன். பங்கு விழுந்துவிட்டது. எக்ஸ்பைரிக்கு நான்கு மாதம் இருக்கிறதே, அதற்குள் ஏறிவிடும் என்று இருந்தேன். ஒரு துறைமுகத்தில் இணைப்புக் கிடைத்துப் பார்த்தபோது 100 பங்குகள் என் பெயரில் வந்து சேர்ந்திருந்தன, 9,000 டாலர் கழிக்கப்பட்டு, கணக்கில் அவ்வளவு பணம் இல்லாததால் கடன் வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. புட்டை வைத்திருந்தவர் ஏதோ அவசரத்தில் தவறு செய்துவிட்டார் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவர் சரியாகத்தான் செய்தாரா?

பெரம்பூர் கல்பனா

ஆம் ஐயா, அவர் சரியாகவே செய்திருக்க வேண்டும். உங்களிடம் இருந்த பணத்தின் வட்டியை அவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பங்கின் வீழ்ச்சியால் வந்த நஷ்டம் எக்ஸர்சைஸுக்கு முன்பே உங்கள் கணக்கில் இருந்ததுதான். புதிதாக உங்களுக்கு வந்தது, 9,000 டாலரை நான்கு மாதம் முன்னதாகத் திரட்ட வேண்டிய சுமை மட்டுமே.

பங்கு வந்து சேர்ந்த நாள் டிவிடெண்ட் நாளை ஒட்டி இருந்ததா என்று பாருங்கள். புட்டுகள் எக்ஸ் டிவிடெண்ட் நாளிலும் அதற்குப் பின்னரும் எக்ஸர்சைஸ் செய்யப்படுவதும், கால்கள் அதற்கு முந்தைய நாள் செய்யப்படுவதும் இயல்பு. எக்ஸர்சைஸ் அறிவிப்புகளைத் தீர்வகம் தரகு நிறுவனங்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கும் என்பதால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விற்ற புட்டை வாங்க வருபவர்கள் தரும் விலை எக்ஸர்சைஸ் மதிப்புக்குக் கீழே போய்விட்டால், அது எந்த இரவும் வரலாம் என்று பொருள். கடலுக்குப் போகுமுன் அத்தகைய புட்டுகளைத் திரும்ப வாங்கி முடித்துவிடுவதோ, தேவையான பணத்தைக் கணக்கில் விட்டுச் செல்வதோ உங்கள் தொழிலுக்கு அவசியம் என்று தோன்றுகிறது.

ராயபுரம் மரைன்

தேதியைப் பார்த்தேன். எக்ஸ் டிவிடெண்ட் நாளுக்கு அடுத்த நாள் காலையில்தான் வந்திருக்கிறது. நன்றி.

கொளத்தூர் சுரேஷ்

எனக்கு ஒரு தயக்கம் இன்னும் தீரவில்லை. கால் 0.10 என்று இருக்கும்போது எல்லாம் எளிதாக இருக்கிறது. மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனை முடிவு வந்த காலையில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவது உண்டு. அங்கே ஒரு நாள் வட்டியான 1 டாலர் 10 சென்ட்டைக் கொடுத்து ஒரு நாள் காத்திருப்பது மலிவு அல்லவா? ஆறு மாதத்தையும் எக்ஸர்சைஸையும் மட்டும் ஒப்பிடுவது போதாது, நாளைக்குச் செய்யலாமா என்பதையும் ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும்.

பெரம்பூர் கல்பனா

இதில் நீங்கள் சொல்வது சரி. டிவிடெண்டுக்குப் பத்து நாள் காத்திருக்கச் சொன்னதும் அதே கேள்வியின் விடைதான். நீங்கள் சொல்லும் நிறுவனங்களில் பெரும்பாலும் அந்தக் கால் 0.10-க்குக் கிடைக்காது. சோதனை முடிவு வரப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் 1.50 அல்லது 2 டாலர் என்று இருக்கும். 199 டாலர் வட்டிக்கு எதிரே 200 டாலர் பெறும் உரிமை நிற்கும்போது காத்திருப்பதே சரி. ஆக, காலின் விலையே எச்சரித்துவிடும்.

அந்தக் கால் 0.80 அளவில் இருந்தால் என்ன செய்வது என்பதில் எனக்கும் திட்டவட்டமான விடை இல்லை. 80 டாலர் என்பது 199-ஐவிடக் குறைவு, ஆகவே எக்ஸ்பைரி வரை காத்திருப்பது தவறு. ஆனால் முடிவு வெளியாகும் வாரம் வரை காத்திருந்துவிட்டு அதன் பிறகு எக்ஸர்சைஸ் செய்வது இன்றே செய்வதைவிட மேலாக இருக்கலாம். எந்த விலைக்குக் கீழே உடனே எக்ஸர்சைஸ் செய்ய வேண்டும் என்ற எல்லையைக் கணினியில் நாள் நாளாகப் பின்னோக்கி வந்துதான் காண முடியும். அதற்கு நாம் கொடுக்கும் ஏற்ற இறக்க அளவு ஓர் ஊகம்தான்.

மண்ணடி ராமநாதன்

வரியைப் பற்றி ஒரு சொல். எக்ஸர்சைஸ் செய்தால் அது பங்கு விற்பனையாகவே கணக்கில் ஏறும். புட்டுக்குக் கொடுத்த 11 டாலர் விற்பனைத் தொகையிலிருந்து கழியும். 96-க்கு வாங்கியதை 89-க்கு விற்றதாக ஆகும் என்று நினைக்கிறேன். டிசம்பரை ஒட்டிய நாட்களாக இருந்தால், எந்த ஆண்டுக் கணக்கில் வர வேண்டும் என்பது 199 டாலர் வட்டியைவிடப் பெரிய கேள்வியாகலாம். அண்ணன் அங்குள்ள கணக்காளரை ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

தண்டையார்பேட்டை மலர்

கேட்கச் சொல்கிறேன், ஐயா. அண்ணனும் பணத்தை ஆறு மாதக் கடன் பத்திரத்தில் போட ஒப்புக்கொண்டுவிட்டார். எக்ஸ் டிவிடெண்ட் நாளில் காலையிலேயே அறிவிப்பைக் கொடுத்துவிடலாமா? இன்னொன்று, அவரிடம் அதே நிறுவனத்தின் 45 டாலர் ஸ்டிரைக் புட் ஒன்றும் அதே எக்ஸ்பைரியில் இருக்கிறது. அதை 8.90-க்குக் கேட்கிறார்கள். 45 ஸ்டிரைக் கால் 2.60-இல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எக்ஸர்சைஸ் செய்துவிடலாம் என்று இருக்கிறார்.

பெரம்பூர் கல்பனா

காலையில் வேண்டாம். அறிவிப்பு எப்போது கொடுத்தாலும் அன்றிரவுதான் செயல்படுத்தப்படும், கிடைக்கும் தொகையும் மாறாது. ஆகவே சந்தை முடியும் நேரத்தை ஒட்டி, அவருடைய தரகர் வைத்திருக்கும் கடைசி நேரத்துக்குள் கொடுக்கட்டும். பகலில் யாரேனும் நிறுவனத்தை விலைக்குக் கேட்டு அறிவிப்பு வந்தால் முடிவை மாற்றிக்கொள்ள அந்த சில மணி நேரம் உதவும். செயல்படுத்தப்பட்ட பிறகு திரும்பப் பெற முடியாது. எக்ஸ்பைரி நாளில் தானாக நடப்பதுபோல் இது தானாக நடக்காது என்பதால், அறிவிப்பு ஏற்கப்பட்டதா என்பதையும் மறுநாள் பங்கு போய்ப் பணம் வந்ததா என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.

45 டாலர் புட்டை எக்ஸர்சைஸ் செய்யக் கூடாது. அதன் எக்ஸர்சைஸ் மதிப்பு 7 டாலர், சந்தை 8.90 தருகிறது. இன்று எக்ஸர்சைஸ் செய்தால் 190 டாலரை எறிந்துவிடுகிறார். வட்டிப் பக்கமும் பாருங்கள். 4,500 டாலருக்கு 182 நாள் வட்டி 90 டாலருக்குச் சற்றுக் குறைவு, அதற்கு எதிரே காலின் மதிப்பு 260 டாலர். 38-இல் நிற்கும் பங்கு ஆறு மாதத்தில் 45-ஐத் தாண்டுவது அன்றாடம் நடக்கக்கூடியது என்பதால் அந்த உரிமைக்கு நல்ல விலை இருக்கிறது. இந்தப் புட்டுக்கு சுரேஷ் முதலில் சொன்னது முழுக்கப் பொருந்தும். வேண்டாம் என்றால் விற்கட்டும், காப்பு வேண்டும் என்றால் வைத்திருக்கட்டும்.

கொளத்தூர் சுரேஷ்

அப்படியானால் ஒரே பங்கு, ஒரே எக்ஸ்பைரி, ஒரே நாள், ஆனால் ஒன்றை எக்ஸர்சைஸ் செய்ய வேண்டும், மற்றதைச் செய்யக் கூடாது. இடையில் 60, 70 ஸ்டிரைக்குகளின் கால் விலைகளையும் மலர் இங்கே போட்டால், எல்லை எங்கே விழுகிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

தண்டையார்பேட்டை மலர்

இன்றிரவு சந்தை திறந்ததும் எடுத்துப் போடுகிறேன்.